நொண்டும் குதிரைக்கு வலி எங்கே? டெஸ்டர், மடக்கல், மரப்பு ஊசி

முன்னங்கால் நொண்டும் குதிரையில் வலி இருக்கும் இடத்தைத் தேட மூன்று வழிகள் உண்டு. குளம்பை ஹூஃப் டெஸ்டர் என்ற பெரிய இடுக்கியால் அழுத்திப் பார்க்கலாம். மூட்டை மடக்கிப் பிடித்துவிட்டு ஓடவிடலாம். நரம்பருகே மருந்து செலுத்தி அந்தப் பகுதியை மரக்கச் செய்யலாம். மூன்றையுமே செய்கிறேன். ஆனால் எந்த மூட்டுக்குச் சிகிச்சை என்று முடிவெடுக்க நான் நம்புவது மரப்பு ஊசியைத்தான்.

குளம்படியில் சீழ் கட்டியிருந்தால் டெஸ்டர் ஒன்றே போதும். ஒரே இடத்தை அழுத்தும்போதெல்லாம் குதிரை காலை வெடுக்கென்று இழுக்கும். ஆனால் காய்ந்து கெட்டியான அடிக்குளம்பில் அழுத்தம் உள்ளே எட்டுவதில்லை; அடி மெலிந்த குதிரையோ தொட்ட இடமெல்லாம் சிலிர்க்கும். அதனால் நல்ல காலை முதலில் அழுத்திப் பார்த்துவிடுவது அவசியம்.

மடக்கல் சோதனையில் காலின் கீழ்ப்பகுதியை ஒரு நிமிடம் மடக்கிப் பிடித்து, விட்டவுடன் ஓடவிடுகிறோம். முரட்டுத்தனமாக மடக்கினால் நல்ல குதிரையும் நாலு அடி நொண்டும். அதோடு, குளம்புக்குச் சற்று மேலே கணுக்கால் போலத் தெரியும் ஃபெட்லாக் மூட்டை மட்டும் தனியே மடக்க முடியாது. அதற்குக் கீழே உள்ள பாஸ்டர்ன் மூட்டும் குளம்புக்குள் இருக்கும் மூட்டும் சேர்ந்தே மடங்குகின்றன. நொண்டல் கூடினால் 'கீழே எங்கோ வலி' என்பதற்கு மேல் அது எதையும் சொல்வதில்லை.

சமீபத்தில் ஒரு சவாரிப் பள்ளியின் பெண் குதிரையைப் பார்த்தேன். வலது முன்னங்கால் ஊன்றும்போது தலையைத் தூக்கியது. டெஸ்டருக்கு அசையவே இல்லை. மடக்கல் சோதனைக்குப் பிறகு நொண்டல் நன்றாகக் கூடியது. "ஃபெட்லாக்தான் டாக்டர், மூட்டுக்குள் ஊசி போட்டுவிடலாமா?" என்று கேட்டார் உரிமையாளர். மடக்கலை மட்டும் வைத்துப் பார்த்தால் அவர் கேட்டதில் நியாயம் இருந்தது.

முதலில் குதிகாலுக்குப் போகும் நரம்பை மரக்கச் செய்தேன். குளம்பின் பக்கக் குருத்தெலும்புக்குச் சற்று மேலே, காலின் இரு பக்கமும், மெல்லிய ஊசியால் 1.5 மில்லி வீதம் மருந்து. மெபிவகெய்ன் கிடைத்தால் அதுவே நல்லது, திசுவை அதிகம் உறுத்தாது. கிடைக்காத இடத்தில் 2 சதவீத லிக்னோகெய்ன். ஐந்து நிமிடம் கழித்துப் பேனா முனையால் குதிகால் சதையை அழுத்தினேன். குதிரை சட்டை செய்யவில்லை. உடனே ஓடவிட்டோம். வலதுகால் நொண்டல் போயிற்று. இடப்பக்க வட்டத்தில் ஓடியபோது அதுவரை மறைந்திருந்த இடதுகால் நொண்டல் வெளியே வந்தது. வலி ஃபெட்லாக்கில் இல்லை. இரண்டு குளம்புகளிலும் இருந்தது. எக்ஸ்ரே எடுக்க வேண்டிய இடம் மாறியது. படத்தில் இரு கால்களிலும், குளம்புக்குள் பின்பக்கம் இருக்கும் சிறிய நாவிகுலர் எலும்பில் தேய்மானம் தெரிந்தது.

இந்த விடை தெளிவாக வந்ததற்கு அளவும் நேரமும்தான் காரணம். மருந்து போட்ட இடத்திலேயே நிற்பதில்லை. பத்து நிமிடத்துக்குள்ளேயே நரம்பை ஒட்டி மேல்நோக்கிப் பரவுகிறது. மூன்று நான்கு மில்லி போட்டு, ஊசியையும் மேலே குத்தி, பேச்சில் அரைமணி நேரம் கழித்து ஓடவிட்டால் மேல்மூட்டு வலியும் சேர்ந்து அடங்கியிருக்கலாம். அப்போது குதிரை நேராக ஓடுவதற்கு எந்த இடம் மரத்தது காரணம் என்று யாரும் சொல்ல முடியாது. குறைந்த அளவு, தாழ்வான இடம், ஐந்து முதல் பத்து நிமிடத்துக்குள் முதல் ஓட்டம் என்ற ஒழுங்கை நான் விடுவதில்லை. நொண்டல் போகாவிட்டால்தான் அடுத்த ஊசி, அதுவும் கீழிருந்து மேலாக. மேலே தொடங்கினால் கீழ்ப்பகுதி முழுவதும் மரத்துவிடும்; பிறகு அன்று பிரித்தறிய வழியில்லை.

அப்படியும் இந்த ஊசி குதிகாலை மட்டும் மரக்கச் செய்வதில்லை. அடிக்குளம்பின் பெரும்பகுதியும் குளம்புக்குள் இருக்கும் மூட்டும் அதில் அடங்கிவிடுகின்றன. 'வலி குளம்புக்குள்' என்பது உறுதி. 'நாவிகுலரில்' என்பதை எக்ஸ்ரேயோடு சேர்த்துத்தான் சொன்னேன்.

எலும்பு விரிசல் என்ற சந்தேகம் துளி இருந்தாலும் ஊசியை எடுக்கவே கூடாது. வலி மறைந்த குதிரை முழு எடையையும் ஊன்றும், விரிசல் முறிவாகிவிடும். நடக்கும்போதே கடுமையாக நொண்டும் குதிரைக்கு முதலில் எக்ஸ்ரே. நேர்மாறாக, நொண்டல் மிக லேசாக இருந்தால் ஊசிக்குப் பிறகு எது மாறியது என்றே தெரியாது. அங்கே மடக்கல் உதவுகிறது: மடக்கி நொண்டலைக் கூட்டி, ஊசி போட்டபின் அதே கை அதே அழுத்தத்தில் மறுபடி மடக்கிப் பார்க்கலாம்.

இதெல்லாம் முன்னங்காலுக்கு. பின்னங்காலில், குறிப்பாக பின்னங்காலின் நடுவே இருக்கும் ஹாக் மூட்டுக்கு மேலே போடும் ஊசிகளில் எனக்குப் பழக்கம் குறைவு. உதைக்கும் ஆபத்தும் அங்கே அதிகம். அதனால் பின்னங்கால் நொண்டலில் மடக்கல் சோதனைக்கு இன்னும் கொஞ்சம் கூடுதல் இடம் கொடுத்துவிட்டு, அதிலேயே பழகிய மருத்துவரிடம் அனுப்பிவிடுகிறேன்.