ஒரே மைனஸ் ஒன்று, இரண்டு விதமான கணக்கு

இங்கிலாந்தில் வேலை பார்த்த காலத்தில், அங்கே உரிமம் பெற்ற கால்பந்து பந்தயத் தளங்களில் ஐரோப்பிய, ஆசிய என்ற இரண்டு வகை ஹேண்டிகேப்பையும் பல வருடம் பயன்படுத்தினேன். ஹேண்டிகேப் என்றால் ஒரு அணியின் ஸ்கோரில் கோலைக் கழித்தோ கூட்டியோ பந்தயத்தின் முடிவைப் பார்ப்பது; -1 என்றால் ஒரு கோல் கழிப்பு. திருப்பூருக்குத் திரும்பிய பிறகு எல்லாம் நோட்டுப் புத்தகத்தோடு சரி. பணம் கட்டி ஆன்லைனில் ஆடுவதை 2025 மத்திய சட்டம் தடை செய்திருக்கிறது.

பெருந்துறையிலிருந்து வந்த அக்கா மகன் அந்த நோட்டைப் புரட்டிவிட்டு, "ஏனுங் மாமா, ரெண்டுமே மைனஸ் ஒண்ணுதானுங்களே, அப்புறம் எதுக்கு வேற வேற ரேட்டு?" என்று கேட்டான். விஷயமே அதில்தான் இருக்கிறது.

அவனுக்குக் காட்டிய கணக்கு இது. பலமான அணிக்கு ஐரோப்பிய -1 ரேட் 2.60, ஹேண்டிகேப் டிரா 3.60, எதிரணி +1 2.20. அதே ஆட்டத்தில் ஆசிய -1 2.10, எதிரணி +1 1.78. பலமான அணிமேல் 100 பவுண்டு வைத்திருக்கிறோம். ஆட்டம் 2-0 என்றால் ஐரோப்பியத்தில் 260, ஆசியத்தில் 210 கைக்கு வரும். 1-1 என்றால் இரண்டிலும் போச்சு. 1-0 என்றால்தான் வித்தியாசம்: ஆசியத்தில் வைத்த 100 அப்படியே திரும்பும், ஐரோப்பியத்தில் மொத்தமும் போய்விடும். அந்த ஒரு கோல் வெற்றி டிராவுக்கு வைத்தவருக்குச் சொந்தம். எதிரணி +1 எடுத்தவருக்கும் இதே கதிதான்.

ஆகவே ஐரோப்பிய -1-ஐ ஆசிய -1.5-உடன்தான் ஒப்பிட வேண்டும். எதிரணியின் ஐரோப்பிய +1-ஐ ஆசிய +0.5-உடன். முடிவுகள் அச்சாக ஒன்றே. எதில் ரேட் கூடுதலோ அதை எடுக்கலாம்.

2.60-ஐப் பார்த்து மயங்குபவர்கள் இன்னொன்றையும் போட்டுப் பார்க்கட்டும். அந்த 100-ல் 28-ஐ டிராவில் வைத்தால், 1-0-க்குப் போட்ட பணம் ஏறக்குறைய அப்படியே திரும்பும். மீதி 72 பலமான அணிமேல். 2-0 என்றால் 187 வரும். பாதுகாப்பு ஆசிய -1 தருவதுதான், ஆனால் அங்கே 210 கிடைக்கிறது. இந்த 23 பவுண்டு தளத்தின் லாபத்துக்குப் போகிறது. ஒவ்வொரு ரேட்டாலும் 1-ஐ வகுத்துக் கூட்டினால் ஐரோப்பியத்தின் மூன்று வரிசையில் 1.117, ஆசியத்தின் இரண்டு வரிசையில் 1.038 வரும். 1-க்கு மேல் இருப்பதெல்லாம் தளத்தின் விளிம்பு. நான் பார்த்தவரை மூன்று வரிசையில்தான் அது பெரும்பாலும் பெருத்திருக்கும்.

அதனால் நான் ஐரோப்பியத்தை எடுத்ததெல்லாம், சரியாக ஒரு கோல் வித்தியாசம் என்று நினைத்த ஆட்டங்களில் டிராவுக்காக மட்டும்தான். ஆசியத்தில் அப்படி ஒரு வரிசையே கிடையாது.

ஆட்டம் நடக்கும்போது வைப்பவர்கள் விதிப் பக்கத்தைக் கட்டாயம் படிக்கணும். ஆசியத்தில் வழக்கமாக, வைத்த நொடியிலிருந்து விழும் கோல்களே கணக்கு. ஐரோப்பியத்தில் பெரும்பாலும் முழு ஆட்ட ஸ்கோர். 1-0 முன்னிலையில் -1 எடுத்து ஆட்டம் 2-0 என்று முடிந்தால், ஐரோப்பியத்தில் வெற்றி, ஆசியத்தில் வைத்த பணம் மட்டும் திரும்பும்.