கும்பகோணத்துக்கு ஏர் கூலரா, ஏசியா?

கூலரில் நனைந்த பட்டை வழியாகக் காற்று போகும்போது நீர் ஆவியாகி, அதற்கான வெப்பத்தைக் காற்றிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டும் அளவுதான் அதன் எல்லை. பொதுவாக அதுவரை முக்கால் தூரமே போகும்.

ஜோத்பூரில் 42 டிகிரி, ஈரப்பதம் 15 சதவீதம் என்றால் எல்லை 22. கூலர் காற்று 27 டிகிரியில் வரும், சுகம்தான்.

நம்மூரில் 34 டிகிரி, 70 சதவீதம் என்றால் எல்லையே 29. கிடைப்பது 30, ஈரமோ 90 சதவீதத்தைத் தாண்டும். வியர்வை காயாது, பாய்கூடப் பிசுபிசுக்கும். ஜன்னலையும் சாத்தினால் இன்னும் மோசம்.

ஏசி நேர்மாறு: காற்றின் ஈரத்தைப் பிழிந்து குழாய் வழியே வெளியே சொட்டவிடும். கரண்டு பில் அதிகம்தான், ஆனாலும் இங்கே என் ஓட்டு அதற்கே. கூலர் ஏற்கெனவே வாங்கியாச்சா? சரி, புழுக்கமான நாளில் பம்பை நிறுத்திவிட்டு வெறும் ஃபேனாக ஓட்டுங்கள்.