ஸ்டைல் போர்ட்ரெய்ட் விற்கப் போகிறீர்களா? எந்த மாடலின் உரிமம் எதுவரை இடம் கொடுக்கிறது

வாடிக்கையாளர் கொடுத்த புகைப்படத்தை அனிமே பாணியிலோ வாட்டர்கலர் பாணியிலோ மாற்றி, பிரிண்ட் போட்டு விற்பதற்குப் பலரும் கையில் எடுக்கும் ஏஐ வழிகள் நான்கு: அனிமேகான், ஃப்ளக்ஸ், எஸ்டிஎக்ஸ்எல், மிட்ஜர்னி. படத்தின் அழகை ஒப்பிட்டுத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். விற்பனைக்கு என்றால் உரிமத்தைத்தான் முதலில் ஒப்பிட வேண்டும்.

அனிமேகான் 2-இன் மூல வெளியீடு வணிகம் சாராத பயன்பாட்டுக்கு மட்டுமே. விற்க வேண்டுமானால் ஆசிரியரிடம் எழுதிக் கேட்டு அனுமதிக் கடிதம் வாங்க வேண்டும். அதே மாடலைப் பைட்டார்ச்சுக்கு மாற்றிய வேறொருவரின் வெளியீட்டில் எம்ஐடி உரிமம் இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு நிம்மதியாகிவிடுகிறார்கள். ஆனால் அதிலுள்ள `celeba_distill` என்ற எடைக் கோப்பின் பெயரே அதன் பயிற்சித் தரவைச் சொல்லிவிடுகிறது. செலப்ஏ தரவுத்தொகுப்பு வணிகம் சாராத ஆய்வுக்கு மட்டும் தரப்பட்டது. கோடுக்கு ஓர் உரிமம், எடைக் கோப்புக்கு இன்னொன்று, தரவுக்கு மூன்றாவது என்று மூன்றையும் தனித்தனியே பார்ப்பதுதான் சரி. விற்பனைக்கு இந்த வழியை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஃப்ளக்ஸ் 1-இல் பலரும் இறக்கிப் பயன்படுத்துவது ஷ்னெல், டெவ் என்ற இரண்டு. ஷ்னெல் அப்பாச்சி 2.0 உரிமத்தில் வருகிறது, விற்பனைக்குத் தடையில்லை. டெவ் தரத்தில் மேல், உரிமத்தில்தான் சிக்கல். உருவாகும் படங்களை வணிகத்துக்கும் பயன்படுத்தலாம் என்று ஒரு பிரிவு சொல்கிறது. மாடலை இயக்கும் அனுமதியோ வணிகம் சாராத நோக்கத்துக்கு மட்டும் என்கிறது இன்னொரு பிரிவு. முதல் பிரிவை மட்டும் படித்துவிட்டுக் கடை திறப்பது ஆபத்து. காசு வாங்கும் வேலைக்கு டெவ்தான் வேண்டுமென்றால் வணிக உரிமம் வாங்கிவிடுங்கள். டெவ்மீது பயிற்றப்பட்ட லோரா என்ற சிறு துணைக் கோப்பை ஷ்னெல்லில் போட்டாலும் டெவ் உரிமம் கூடவே வருகிறது. ஷ்னெல்லுக்கு ஒரு தொழில்நுட்ப வரம்பும் உண்டு. அது 4 படிகளில் ஓடுவது; டிஃப்யூசர்ஸ் நூலகத்தில் புகைப்படத்தை உள்ளே கொடுத்து, `strength` எனும் மாற்று அளவை 0.5 என்று வைத்தால் 2 படிதான் ஓடும், பாணி சரியாகப் பிடிக்காது.

எஸ்டிஎக்ஸ்எல் 1.0 விற்பனையை அனுமதிக்கிறது. படங்கள்மீது வெளியீட்டாளர் உரிமை கோருவதில்லை. பின்னிணைப்பிலுள்ள தடைசெய்த பயன்பாடுகளை மட்டும் தவிர்க்க வேண்டும். இங்கே மாட்டிக்கொள்வது துணைக் கோப்புகளால். முகச்சாயல் மாறாமலிருக்கப் பலரும் சேர்ப்பது இன்ஸ்டன்ட்ஐடி. அதன் கோடு அப்பாச்சி 2.0தான். ஆனால் முகத்தை அடையாளம் காண அது இன்சைட்ஃபேஸின் `antelopev2` மாடலை நம்பியிருக்கிறது. அந்த மாடல் வணிகம் சாராத ஆய்வுக்கு மட்டும். இன்சைட்ஃபேஸ் நூலகம் தன் இயல்பு மாடலான `buffalo_l`-ஐ முதல்முறை ஓடும்போது தானாகவே இறக்கிக்கொள்ளும். உரிமத்தை யாரும் திரையில் காட்டுவதில்லை. முகத்தைச் சீராக்கும் கோட்ஃபார்மருக்கும் வணிகத் தடை உண்டு.

உங்கள் கோப்புறையில் இவை ஒளிந்திருக்கின்றனவா என்று பார்க்க:

```
grep -rniE "insightface|antelopev2|buffalo_l|codeformer" --include="*.py" --include="*.json" .
ls ~/.insightface/models
```

முதல் கட்டளை, படம் உருவாக்கும் செயலியான கம்ஃபியுஐயின் ஒர்க்ஃப்ளோ கோப்புகளையும் தேடும். இரண்டாவதில் கோப்புறை ஏதாவது தெரிந்தால், எங்கோ ஒரு நிரல் அதை இறக்கியிருக்கிறது.

தம்பதியர் படம் ஒன்றை வாட்டர்கலராக மாற்றும் ஒர்க்ஃப்ளோவில் எஸ்டிஎக்ஸ்எல், ஒரு லோரா, இன்ஸ்டன்ட்ஐடி, கோட்ஃபார்மர் என நான்கும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். எஸ்டிஎக்ஸ்எல் இருக்கட்டும். லோரா சிவிட்ஏஐயிலிருந்து வந்ததென்றால், உருவாகும் படங்களை விற்க அனுமதி உண்டா என்று அதன் பக்கத்திலுள்ள அனுமதிக் குறிகளில் பாருங்கள். இன்ஸ்டன்ட்ஐடிக்குப் பதில் போட்டோமேக்கரின் முதல் பதிப்பைப் போடலாம். அது அப்பாச்சி 2.0, இன்சைட்ஃபேஸைத் தொடுவதில்லை. இரண்டாம் பதிப்பு தொடுகிறது, அதனால் பதிப்பு எண்ணைப் பார்த்தே இறக்குங்கள். அதுவும் வேண்டாமென்றால் புகைப்படத்தையே உள்ளீடாக்கி, மாற்று அளவை 0.35 முதல் 0.5 வரை வைத்துப் பாருங்கள், 0.6-ஐத் தாண்டினால் மணமகள் வேறு யாரோ ஆகிவிடுவார். கோட்ஃபார்மரை எடுத்தே விடலாம். வாட்டர்கலரில் தோலின் நுணுக்கம் எப்படியும் கரைந்துதான் போகும்.

இந்தச் சங்கிலியைத் துருவ நேரமில்லாதவர்களுக்கு மிட்ஜர்னி. ஆண்டு வருமானம் 10 லட்சம் டாலரைத் தாண்டிய நிறுவனம் ப்ரோ அல்லது மெகா திட்டத்தில் இருக்க வேண்டும் என்பது அதன் விதி. சிறு கடைக்கு இது இடைஞ்சல் இல்லை. இடைஞ்சல் வேறு இடத்தில் இருக்கிறது: உருவாகும் படங்கள் இயல்பாகவே பொதுவில் தெரியும், மறைக்கும் ஸ்டெல்த் வசதி ப்ரோவிலும் மெகாவிலும்தான் உண்டு. வாடிக்கையாளரின் முகத்தை வைத்து வேலை செய்பவர் அந்தக் கட்டணத்தையும் விலையில் சேர்த்தே ஒப்பிட வேண்டும்.