மாமாவின் டீக்கடை விளம்பரப் பணம் போன விதம்

இணைய விளம்பரத்தை வேறொருவரிடம் ஒப்படைக்கப் போகும் சிறு கடைக்காரர்களுக்காக இதை எழுதுகிறேன். என் மாமா டீக்கடை வைத்திருக்கிறார். சுற்றியுள்ள அலுவலகங்களுக்குக் காலையும் மாலையும் பிளாஸ்கில் டீ அனுப்பும் வேலையை விரிவாக்க நினைத்து, அதற்கென ஒதுக்கிய பணத்தை முழுமையாக என்னிடம் நம்பிக் கொடுத்தார். நான் அதைக் கூகுள் தேடுபொறியில் விளம்பரம் செய்து தருவதாகச் சொன்ன ஒரு முகவரிடம் கொடுத்தேன். அவர் தன் பெயரிலேயே விளம்பரக் கணக்கைத் திறந்தார். அப்போது அது எனக்குத் தவறாகத் தோன்றவில்லை. இந்த விஷயத்தில் நான் செய்த முதல் பிழை அதுதான்.

முப்பது நாள் முடிந்ததும் மூன்று பக்க அறிக்கை வந்தது. விளம்பரம் எத்தனை பேர் கண்ணில் பட்டது, எத்தனை பேர் அழுத்தினார்கள் என்பவை வண்ணப் படங்களாக இருந்தன. மொத்தம் 412 சொடுக்குகள். மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மூன்று பக்கங்களையும் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல யாரு வந்தாங்க, எதுக்கு வந்தாங்கன்னு ஒரு வரிகூட இல்லையேடா தம்பி" என்றார். கடைக்கு வந்த தொலைபேசி அழைப்புகள் மூன்றே மூன்று. ஒருவர் வேலை இருக்கிறதா என்று கேட்டார். ஒருவர் டீத்தூள் மொத்த விலை கேட்டார். மூன்றாமவர் வேறு ஊர்க்காரர்.

கணக்கைப் பார்க்க வேண்டும் என்று நான் கேட்டபோது, அது நிறுவன ரகசியம் என்று முகவர் மூன்று வாரம் இழுத்தடித்தார். நேரில் போய் உட்கார்ந்த பிறகுதான் தன் திரையைப் பத்து நிமிடம் காட்டினார். அங்கே Search terms என்ற பக்கம் இருந்தது. நாம் பணம் கட்டிய ஒவ்வொரு சொடுக்குக்கும் முன்னால் மக்கள் உண்மையில் என்ன தட்டச்சு செய்து தேடினார்கள் என்பதைப் பெருமளவு காட்டும் பட்டியல் அது. "டீ போடுவது எப்படி", "டீத்தூள் மொத்த வியாபாரம்", "டீக்கடை வேலை", "டீக்கடை வைக்க எவ்வளவு செலவு" என்று வரிசையாகப் போனது. அலுவலகத்துக்கு டீ வேண்டும் என்று தேடியவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருந்தது. முகவர் "டீ" என்ற ஒற்றைச் சொல்லை அகன்ற பொருத்தத்தில், அதாவது Broad match முறையில் போட்டிருந்தார். அந்தச் சொல்லோடு தொடர்புடையதாகக் கருதப்படும் எந்தத் தேடலுக்கும் விளம்பரம் தோன்றும். அழுத்தியவர் வாடிக்கையாளரோ இல்லையோ, காசு போய்விடும்.

இரண்டாவது ஓட்டை இட அமைப்பில் இருந்தது. Presence or interest என்ற தேர்வு அப்படியே விடப்பட்டிருந்தது. இந்தத் தேர்வில், நம் பகுதியில் இருப்பவர்களோடு, எங்கோ தொலைவில் இருந்துகொண்டு நம் பகுதியைப் பற்றித் தேடுபவர்களுக்கும் விளம்பரம் போகும். சுற்றுலா நிறுவனத்துக்கு அது பயன்படலாம். இரண்டு கிலோமீட்டருக்குள் சூடாக டீ கொண்டுபோய்க் கொடுக்கும் கடைக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

பணத்தைத் திரும்பக் கேட்டேன், கிடைக்கவில்லை. கணக்கு அவர் பெயரில் இருந்ததால், நாங்கள் காசு கொடுத்துச் சேர்த்த அந்தத் தேடல் பட்டியலைக்கூட எங்களால் எடுத்துவர முடியவில்லை. நினைவில் இருந்ததை வீட்டுக்கு வந்து ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டேன்.

மாமா பெயரில் புதிய கணக்கைத் திறந்து, முதலில் செலவழித்ததில் பத்தில் ஒரு பங்கை மட்டும் வைத்து மறுபடி தொடங்கினேன். இடத்தை Presence என்று மாற்றினேன். பிளாஸ்க் கொண்டுபோக ஆள் இருக்கும் நேரத்தில் மட்டும் விளம்பரம் ஓடும்படி அமைத்தேன். தேடுசொல்லைச் சதுர அடைப்புக்குள் கொடுத்தேன். அப்படிக் கொடுத்தால் அதே பொருளோ அதே நோக்கமோ உள்ளதாகக் கருதப்படும் தேடல்களுக்கு மட்டும் விளம்பரம் தோன்றும்:

```
[ஆபீஸ் டீ சப்ளை]
```

தாளில் எழுதியிருந்தவற்றை Negative keywords பகுதியில் விலக்குச் சொற்களாகச் சேர்த்தேன். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். விலக்குச் சொல் ஒத்த பொருளுள்ள வேறு சொற்களைத் தானாகத் தடுக்காது. "டீத்தூள்" என்று தடுத்தாலும் "தேயிலைத் தூள்" என்ற தேடல் நுழையும். ஆங்கில எழுத்தில் தட்டச்சு செய்ததும் நுழையும். ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சேர்க்க வேண்டும். இரண்டு நாளுக்கு ஒருமுறை பட்டியலைத் திறந்து பார்த்துத்தான் இதைக் கண்டுகொண்டேன்.

இந்த முறை சொடுக்குகள் 19தான் வந்தன. அவற்றிலிருந்து ஆறு அழைப்புகள் வந்தன. இரண்டு அலுவலகங்கள் தினமும் டீ வாங்குகின்றன. யார் அழைத்தார்கள், என்ன கேட்டார்கள் என்பதை மாமா கடன் நோட்டின் கடைசிப் பக்கத்தில் தன் கையால் எழுதி வருகிறார். பழைய கணக்கின் விளம்பரத்தில் எங்கள் தொலைபேசி எண் இன்னும் கிடப்பதாக ஒரு வாடிக்கையாளர் சொன்னார். அதை எடுக்கச் சொல்லி முகவருக்கு இரண்டு முறை எழுதியிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.