ரிட்டர்ன் வெரிஃபை ஆகலையா? ஆதாரில் கை வைப்பவரிடம் உஷார்

வருமான வரி ரிட்டர்ன் போட்டாச்சு, ஆனால் வெரிஃபை ஆகமாட்டேன் என்கிறது. இப்படி மாட்டிக்கொள்பவர்களிடம் சில ஆன்லைன் சென்டர்கள் காசு பார்க்கின்றன. அண்மையில் பார்த்த ஒரு கேஸ் இது.

அவருடைய பத்தாம் வகுப்புச் சான்றிதழிலும் ஆதாரிலும் பிறந்த தேதி 12-05-1984. பான் கார்டில் நாளும் மாதமும் இடம் மாறி 05-12-1984. தேதி ஒத்துப்போகாததால் பானும் ஆதாரும் இணையவில்லை. அதனால் ஆதார் ஓடிபி வழி அடைபட்டது. பேங்க் கணக்கு மூலம் செய்யலாமென்றால் பாஸ்புக்கில் இனிஷியலோடு பெயர், பானில் அப்பா பெயர் முழுதாக. வருமான வரி போர்ட்டலில் பேங்க் கணக்கைச் சரிபார்க்கும் ப்ரீ-வேலிடேஷனும் தோற்றது.

சென்டர்காரர் 3,000 ரூபாய் வாங்கிக்கொண்டு, பிறப்புச் சான்றையும் தானே 'ரெடி' பண்ணி, சரியாக இருந்த ஆதாரைத் தப்பான பானுக்கு ஏற்ப மாற்றிவிட்டார். இதுதான் பெரிய வினை. ஆதாரில் பிறந்த தேதியை ஒருமுறைதான் மாற்றலாம். அந்த வாய்ப்பு போச்சு. இனி பிஎஃப், பாஸ்போர்ட் எல்லாவற்றிலும் இடிக்கும். போலிச் சான்று கொடுத்த குற்றம் கார்டுக்காரர் தலையிலும் விழும். திரும்ப மாற்ற ஆதார் மண்டல அலுவலகத்தைத்தான் நாட வேண்டும். தமிழ்நாட்டுக்கு அது பெங்களூரு.

எது தப்போ அதைத்தான் திருத்த வேண்டும். இங்கே தப்பு பான். பான் சேவை தரும் புரோட்டியன் அல்லது யுடிஐ தளத்தில் பான் திருத்த விண்ணப்பம் போடலாம். பிறந்த தேதிக்குப் பக்கத்திலுள்ள கட்டத்தை டிக் செய்ய மறந்தால் திருத்தம் நடக்காது. 'புது பான்' விண்ணப்பமாக யாரும் போட்டுவிடாமல் பாருங்கள். இரண்டு பான் வைத்திருந்தால் 10,000 ரூபாய் அபராதம் வரலாம். பான் சரியானதும் 1,000 ரூபாய் தாமதக் கட்டணம் கட்டி ஆதாரோடு இணைக்கலாம். பேங்க் பெயரைக் கிளையில் கேஒய்சி படிவம் கொடுத்துத் திருத்தி, போர்ட்டலில் `Re-validate` அழுத்த வேண்டும்.

இதெல்லாம் முடியும்வரை ரிட்டர்ன் காத்திருக்க வேண்டியதில்லை. சென்டர்காரர் சொல்லாமல் விட்டதும் இதைத்தான். ரிட்டர்னுக்கான ஒப்புகையான ITR-V படிவத்தை இறக்கி, கையெழுத்திட்டு, ஸ்பீட் போஸ்டில் வருமான வரித்துறையின் பெங்களூரு மையமான சிபிசிக்கு (560500) அனுப்பினால் போதும்; ஓடிபியும் வேண்டாம், பேங்கும் வேண்டாம். பைலுக்கு பாஸ்வேர்டு சிறிய எழுத்தில் பான் எண், அடுத்து பிறந்த தேதி. அது பானில் உள்ள தேதி, அதாவது இங்கே அந்தத் தப்பான 05121984!

ரிட்டர்ன் போட்ட 30 நாளுக்குள் தபால் அங்கே போய்ச் சேர வேண்டும். தாண்டினால், வெரிஃபை ஆன நாளே தாக்கல் செய்த நாளாகிவிடும். அது கெடு தேதிக்குப் பிந்தியதாக இருந்தால் 5,000 ரூபாய் வரை தாமதக் கட்டணம். வருமானம் 5 லட்சத்துக்குள் என்றால் 1,000 வரை.

ஏற்கெனவே யாரிடமாவது லாகின் கொடுத்தவர்கள் இன்றே `My Profile` திறந்து, மொபைலும் மெயிலும் உங்களுடையதுதானா என்று பாருங்கள். சென்டர்காரர் நம்பர் இருந்தால், பாஸ்வேர்டு மாற்றும் ஓடிபி அவருக்குத்தான் போகும்.