முடி முடியாக வெட்டித் தருகிறேன் என்பவரிடம் பணம் கொடுக்கும் முன்

அக்காவின் கவிதைத் தொகுப்புக்குப் பின்னட்டைப் படம் வேண்டியிருந்தது. வெள்ளைச் சுவர் முன்னால் நின்று எடுத்த நல்ல படம் ஒன்று கையில் இருந்தது. சுருட்டை முடி, காற்றில் நாலாபக்கமும் பறந்துகொண்டிருந்தது. அட்டை அடர் மெரூன் நிறம் என்பதால் பின்னணியையும் அதே மெரூனாக மாற்ற வேண்டும். ஆன்லைனில் ஒருவர் "முடி முடியாகப் பிரித்துத் தருவேன் அண்ணே, படத்துக்கு 600 ரூபாய்" என்றார். அவர் காட்டிய மாதிரிகள் பிரமாதமாக இருந்தன. முழுப் பணத்தையும் முன்னாலேயே அனுப்பினேன். அங்கேதான் தப்பு செய்தேன்.

முதலில் வந்த படத்தில் அக்கா ஹெல்மெட் போட்டது மாதிரி இருந்தார். பறந்த முடி எல்லாவற்றையும் வழித்து எடுத்துவிட்டு, ஓரத்தைக் கொஞ்சம் மங்கலாக்கி வைத்திருந்தார். திருப்பி அனுப்பினேன். இரண்டாவதில் முடி வந்தது, ஆனால் ஒவ்வொரு இழையைச் சுற்றியும் சாக்பீஸால் கோடு போட்ட மாதிரி வெள்ளை. கேட்டால், "ஒரிஜினல் போட்டோவே அப்படித்தான் அண்ணே." மூன்றாவதில் பிரஷ்ஷால் அவரே முடி வரைந்திருந்தார். எல்லா இழையும் ஒரே தடிமன், ஒரே வளைவு. அப்புறம் அழைப்பை எடுக்கவில்லை.

அந்த வெள்ளைக் கோடு எங்கிருந்து வருகிறது என்று தெரிந்திருந்தால் மாதிரிகளைப் பார்த்தபோதே உஷாராகியிருப்பேன். பறக்கும் முடியிழை படத்தில் பெரும்பாலும் ஒரு பிக்சல் அகலம்கூட இருக்காது. அந்த பிக்சலில் பாதி முடி, பாதி சுவர். எவ்வளவு சுத்தமாகத் தேர்ந்தெடுத்தாலும் சுவரின் வெள்ளை அதோடு ஒட்டிக்கொண்டேதான் வரும். வெளிர் நிறத்தின் மேல் வைத்தால் கண்ணுக்குத் தெரியாது. மெரூன் மேல் வைத்தால் பளிச்சென்று தெரியும். அவருடைய மாதிரிகளைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். அத்தனையும் கறுப்பு முடி, வெளிர் சாம்பல் பின்னணி. வெள்ளை மாட்டிக்கொள்ளவே வாய்ப்பில்லாத படங்கள்!

கடைசியில் போட்டோஷாப்பில் நானே உட்கார்ந்தேன். Select and Mask-இல் Refine Edge Brush-ஐ முடி ஓரத்தில் ஓட்டி, ஓரத்தில் ஒட்டிய பின்னணி நிறத்தை நீக்கும் Decontaminate Colors-ஐயும் போட்டுப் பார்த்தேன். வெள்ளை குறைந்தது, ஆனால் மெல்லிய இழைகள் துண்டு துண்டாகிவிட்டன. இந்தப் படத்துக்குச் சரியாக வந்தது வேறு வழி. அதில் முடியைத் தேர்ந்தெடுக்கவே தேவையில்லை.

அடியில் மெரூன் லேயர். அதன் மேல் படத்தின் நகல் ஒன்று, Multiply முறையில். இந்த முறையில் சுத்த வெள்ளை மறைந்து அடியிலிருக்கும் நிறம் அப்படியே தெரியும், கறுப்பு கறுப்பாகவே நிற்கும். பாதி வெள்ளையாக இருந்த ஓர பிக்சல்கூட பாதி மெரூனாகிவிடும். ஆனால் சுவர் நிஜமாகவே வெள்ளையாக இருக்க வேண்டும். நம் வெள்ளைச் சுவர் படத்தில் லேசான சாம்பலாக விழுந்திருந்தது, அதனால் மெரூன் அழுக்காகத் தெரிந்தது. Levels-இல் வெள்ளைக்கான ஐட்ராப்பரால் முடிக்குப் பக்கத்துச் சுவரைத் தொட்டதும் தெளிந்தது. நிழல் விழுந்த இடது பக்கம் மட்டும் கறை நின்றது. Dodge Tool-ஐ எடுத்து, Range-ஐ Highlights என்று வைத்து இழைகளுக்கு நடுவே தேய்த்தேன். அந்த அமைப்பில் சுவர்தான் வெளுக்கும், கறுப்பு முடி பெரிதாக அசையாது.

இப்போது முகமும் மெரூனாகியிருக்கும். அதனால் எல்லாவற்றுக்கும் மேலே படத்தின் இன்னொரு நகலைச் சாதாரண முறையில் வைத்து, வேண்டாத பகுதியை மறைக்க மாஸ்க் போட்டேன். புடவை, தோள் ஓரங்களைப் பென் டூலால் துல்லியமாக வெட்டினேன். தலையில் மட்டும் மாஸ்க்கின் எல்லையை அடர்ந்த முடிக்குள்ளேயே மென்மையான பிரஷ்ஷால் நிறுத்தினேன். வெளியே பறக்கிற இழைகள் அடியிலிருக்கும் Multiply லேயரிலிருந்து வந்துவிடும். நாற்பது நிமிட வேலை.

யாரிடமாவது கொடுப்பதாக இருந்தால், நீங்கள் போடப்போகும் அதே நிறத்தின் மேல், உங்கள் படத்திலேயே ஒரு மூலையை மாதிரியாகச் செய்து கேளுங்கள். மொபைலில் சுருக்கிப் பார்க்காமல் கணினியில் 100% அளவில் பாருங்கள். மாஸ்க்கோடு PSD கோப்பு தருவாரா என்று முன்பே பேசிவிடுங்கள். எனக்கு வந்த மூன்றும் JPG. லேயர் எதுவும் இல்லாததால் அவற்றை வைத்துத் திருத்தவும் முடியவில்லை.

என் வழியிலும் ஓட்டை உண்டு. வெளுத்த முடி Multiply-இல் சுவரோடு சேர்ந்து மறைந்துவிடும். அக்காவின் நெற்றியோரம் பறந்த நான்கைந்து நரை இழைகள் அட்டையில் இல்லை. மெதுவாகச் சொன்னேன். "அந்த ஆளுக்குக் கொடுத்த 600-ஐ இதுக்குக் கொடுத்திருக்கலாம்டா" என்றார்.