சர்க்யூட்டுக்குப் பெட்டி: லேசர் வெட்டா, த்ரீடி பிரிண்டா?

போர்டு தயார், பெட்டிதான் பாக்கி என்றால், முதலில் போர்டைத் திருகி நிறுத்தும் திருகுத் தூண்களை யோசியுங்கள். இரண்டு வழிகளும் பிரிவது அங்கேதான்.

த்ரீடி பிரிண்டில் தூண் அடித்தளத்தோடு சேர்ந்தே வளரும். வசதிதான், ஆனால் அடுக்கடுக்காக எழுவதால் திருகை இறுக்கும்போது அடுக்குகளுக்கிடையே பிளந்து ஒடியும். எம்3 திருகு நேரே பிளாஸ்டிக்கில் இறங்க 2.5 மி.மீ. துளை, சுற்றிலும் 2 மி.மீ. சுவர், தூணின் அடியில் வளைந்த சரிவு என்று வரையுங்கள். துளை சற்றுச் சுருங்கியே வரும், அதனால் ஒரு தூணை மட்டும் தனியாக அச்சிட்டுப் பார்ப்பது நல்லது. நாலைந்து முறை கழற்றி மாட்டினால் மரை தேய ஆரம்பிக்கும்.

லேசரில் தூணே கிடையாது. 3 மி.மீ. அக்ரிலிக்கில் 3.2 மி.மீ. துளை வெட்டி, ஸ்டாண்டாஃப் எனும் மரையுள்ள பித்தளைத் தூணைத் தனியாக மாட்ட வேண்டும். மரை தேயாது. ஆனால் ரொம்ப இறுக்கினால் அக்ரிலிக் விரிசல் விடும், வாஷர் போடுங்கள்.

காற்றுத் துளைகள் லேசருக்குச் சில நிமிட வேலை. ரெகுலேட்டர் நன்றாகச் சூடாகும் போர்டு என்றால் நான் லேசர் பக்கம். த்ரீடி பிரிண்டில் வழக்கமாகப் பயன்படும் பிஎல்ஏ பிளாஸ்டிக் 60 டிகிரி செல்சியஸ் வாக்கில் இளகிவிடும். கேபிள் அடிக்கடி இழுபடும் என்றால் பிரிண்டுதான் சரி: துளைக்கு உட்புறமே கேபிளைக் கட்ட ஒரு வளையம் சேர்த்து அச்சிடலாம்.